ஒற்றைப் புகைப்படத்தில் ஆழம்: கிம்ப், பிளெண்டர் கொண்டு மெல்லிய பாரலாக்ஸ் செய்வது எப்படி

தாத்தாவின் சதாபிஷேகத்துக்கு ஒரு வீடியோ செய்யும் வேலை என் தலையில் விழுந்தது. கையில் இருந்தவை எல்லாம் அசையாத படங்கள். அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஒன்று: ஏரிக்கரையில் தாத்தா சைக்கிள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடி நிற்கிறார், அவருக்குப் பின்னால் ஒரு பனைவரிசை, அதற்கும் பின்னால் வெளிறிய மலையும் வானமும். ஆறு நொடி திரையில் நிற்க வேண்டிய படம். சும்மா ஜூம் செய்தால் படம் மொத்தமும் ஒரே அட்டையாகப் பெரிதாகிறது. கேமரா உண்மையிலேயே அந்தக் கரையில் ஓரடி நகர்ந்த மாதிரி இருக்க வேண்டும் என்றால் தாத்தா ஒரு வேகத்தில், பனை ஒரு வேகத்தில், மலை ஒரு வேகத்தில் நகர வேண்டும்.

பஸ் ஜன்னலில் பார்த்திருப்பீர்கள். ரோட்டோரப் புளியமரம் சட்டென்று ஓடிவிடும், தூரத்து மலை நம்மோடு கூடவே வரும். இதுதான் பாரலாக்ஸ். 1937-லேயே டிஸ்னியின் ஸ்டூடியோவில் கண்ணாடித் தட்டுகளில் ஓவியங்களை அடுக்கடுக்காக வைத்து, மேலே கேமராவைப் பொருத்தி, ஒவ்வொரு தட்டையும் வெவ்வேறு அளவு நகர்த்தி இதைச் செய்தார்கள். நாம் கண்ணாடிக்குப் பதில் மூன்று பிஎன்ஜி கோப்புகளை வைக்கப் போகிறோம். வெட்டுவதற்கு கிம்ப், அசைப்பதற்கு பிளெண்டர். இரண்டும் இலவசம். பிளெண்டரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதில் நமக்குத் தேவை ஒரு மூலை மட்டும்தான். நான் சொல்லும் மெனுக்கள் பிளெண்டர் 4.2-இல் இருப்பவை.

படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது கால். படத்தில் ஆள் நிற்கும் தரை தெரிகிறதா? தெரிந்தால் அந்தப் படம் ஆரம்பத்துக்கு வேண்டாம். தரை என்பது நம் காலடியிலிருந்து தொடுவானம் வரை ஒரே தொடர்ச்சியாகப் போவது. அதை ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு அட்டையாகப் பிரிக்க முடியாது. பிரித்தால் ஆள் தரையின் மேல் சறுக்குவார். ஐஸ் மேல் நிற்கிற மாதிரி இருக்கும். என் படத்தில் தாத்தா இடுப்புக்கு மேலேதான் தெரிகிறார், படத்தின் கீழ் விளிம்பே அவரை வெட்டிவிட்டது. அதனால் பிரச்சினை இல்லை. உங்கள் படத்தில் கால் தெரிந்தால் முழங்காலுக்கு மேல் வருமாறு கிராப் செய்து பாருங்கள்.

இரண்டாவது, அடுக்குகளுக்கு இடையே உண்மையிலேயே இடைவெளி இருக்க வேண்டும். கல்யாண வீட்டுக் குரூப் போட்டோவில் ஒருவர் தோளை இன்னொருவர் மறைத்துக்கொண்டு நிற்பார்கள். அதில் எங்கே வெட்டுவது என்று உங்களுக்கே தெரியாது. முகம் மட்டும் பெரிதாக இருக்கும் படமும் சரிவராது. மூக்கும் காதும் ஒரே அட்டையில் ஒட்டிக்கொண்டு நகர்வதைக் கண் கண்டுபிடித்துவிடும்.

கிம்ப்: முன்னாலிருந்து பின்னால்

படத்தை 16:9-க்கு கிராப் செய்து, `Image > Scale Image` மூலம் 2880 × 1620 ஆக்கிக்கொள்ளுங்கள். இறுதி வீடியோ 1920 × 1080 தான். ஆனாலும் ஓரத்தில் கொஞ்சம் மிச்சமும், கேமரா உள்ளே நெருங்கும்போது தெளிவும் வேண்டும். மூலப்படமே சின்னது என்றால் பெரிதாக்குவதால் புதிதாக எதுவும் கிடைக்காது. அப்போது இருக்கிற அளவிலேயே வேலை செய்யுங்கள்.

லேயரை இரண்டு முறை `Layer > Duplicate Layer` செய்யுங்கள். மேலிருந்து கீழாக `mun`, `nadu`, `pin` என்று பெயர் வைக்கிறேன். தாத்தாவும் சைக்கிளும் `mun`, பனைவரிசையும் கரையும் `nadu`, மலையும் வானமும் `pin`.

வெட்டுவதற்கு Paths கருவியை எடுங்கள், விசை `B`. தாத்தாவின் உருவத்தைச் சுற்றிப் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். வளைவு வேண்டிய இடத்தில் கிளிக் செய்து அப்படியே இழுக்க வேண்டும். சட்டைத் தோளுக்கு மூன்று புள்ளி போதும், காதுக்கு ஐந்தாறு வேண்டியிருக்கும். தொடங்கிய புள்ளிக்கே வந்ததும் `Ctrl` அழுத்தியபடி அதைக் கிளிக் செய்தால் பாதை மூடிக்கொள்ளும். கோட்டைச் சட்டையின் விளிம்பில் சரியாக ஓட்டாமல், ஒன்றிரண்டு பிக்சல் உள்ளே ஓட்டுங்கள். விளிம்பிலேயே வெட்டினால் வானத்தின் வெளிச்சம் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாகத் தோளோடு ஒட்டிக்கொண்டு வரும். படம் அசையும்போது முதலில் காட்டிக்கொடுப்பது அந்தக் கோடுதான்.

புதிதாகச் செய்பவர்கள் மறப்பது ஓட்டைகள். தாத்தாவின் கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு முக்கோணம், அதன் வழியே கரை தெரிகிறது. ஹேண்டில்பாருக்கும் பிரேக் கம்பிக்கும் நடுவே இன்னொரு சந்து. இவற்றை வெட்டாமல் விட்டால் கரையின் ஒரு துண்டு தாத்தாவோடு சேர்ந்து நடக்கும். முக்கோணத்தை நான் தனிப் பாதையாக வெட்டினேன். பிரேக் கம்பிச் சந்தை அப்படியே விட்டுவிட்டேன். நான்கு பிக்சல் அகலம்தான், யாரும் பார்க்கவில்லை.

பாதை தயாரானதும் `Selection from Path`, பிறகு `Select > Feather` ஒரு பிக்சல். ஓட்டையின் பாதையைத் தனியாகத் தேர்ந்தெடுத்து, தேர்விலிருந்து கழித்துவிடுங்கள். இனி `mun` லேயர் மேல் `Layer > Mask > Add Layer Mask`, அதில் `Selection`. அழிப்பானால் அழிக்க வேண்டாம், மாஸ்க்தான் நல்லது. தப்பாகப் போனால் மாஸ்க்கில் வெள்ளை பூசினால் அந்த இடம் திரும்பி வந்துவிடும். தலைமுடியை ஒவ்வொரு இழையாக வெட்டப் பார்க்காதீர்கள். நான் தாத்தாவின் முடியைச் சற்றே உள்வாங்கி வெட்டிவிட்டு, மாஸ்க்கில் எட்டு பிக்சல் மென்மையான பிரஷ்ஷால் விளிம்பை மட்டும் தொட்டுவிட்டேன். நரைத்த குட்டை முடி என்பதால் அதுவே போதுமானதாக இருந்தது. காற்றில் பறக்கும் நீளமுடி என்றால் இவ்வளவு சுலபமாக முடியாது.

பின்னால் நிரப்புவது

இப்போது `mun` லேயரை மறைத்துவிட்டு `nadu` லேயரைப் பாருங்கள். தாத்தா அதிலும் நிற்கிறார். அப்படியே விட்டால் முன்னால் ஒரு தாத்தா நகர, அவர் தோளுக்குப் பின்னால் இன்னொரு தோள் எட்டிப் பார்க்கும். ஆவி மாதிரி. அவரை இங்கிருந்து எடுக்க வேண்டும், ஆனால் முழுசாக எடுக்க வேண்டியதில்லை. கேமரா எவ்வளவு நகருமோ அந்த அளவுக்குத்தான் அவர் பின்னால் இருப்பது வெளியே தெரியும். எவ்வளவு என்பதைக் கணக்குப் போட்டே சொல்லலாம். பிளெண்டரின் வழக்கமான 50 மிமீ லென்ஸுக்கு:

```
நகர்வு = கேமரா நகர்வு ÷ (தூரம் × 0.72) × 1920
```

விடை பிக்சலில் வரும். தாத்தாவின் அட்டையை கேமராவிலிருந்து 5 மீட்டரிலும், பனையை 10-இலும், மலையை 15-இலும் வைக்கப் போகிறேன். கேமரா நடுவிலிருந்து ஒரு பக்கம் 0.06 மீட்டர் நகர்கிறது. அப்போது தாத்தா 32 பிக்சல் நகர்வார், பனை 16, மலை கிட்டத்தட்ட 11. தாத்தாவுக்கும் பனைக்கும் வித்தியாசம் 16 பிக்சல். அதாவது அவருடைய விளிம்பை ஒட்டி உள்பக்கமாக 16 பிக்சல் பட்டைதான் ஒரு பக்கத்தில் வெளிப்படும். நம் பெரிய படத்தில் அது சுமார் 23 பிக்சல். நான் தாராளமாக 60 பிக்சல் வரை நிரப்பினேன். அதற்கு உள்ளே தாத்தாவின் சட்டைப் பொத்தான்கள் `nadu` லேயரில் இன்னும் அப்படியே இருக்கின்றன. அது யாருக்கும் தெரியப் போவதில்லை.

நிரப்பும் முறை இது. தாத்தாவின் தேர்வை மீண்டும் எடுத்து `Select > Grow` 8 பிக்சல் கொடுங்கள். விளிம்பில் கசிந்திருக்கும் சட்டை நிறமும் இதோடு போய்விடும். இந்தத் தேர்வுக்குள் மட்டும் Clone கருவியால், விசை `C`, பக்கத்துக் கரையையும் பனையடியையும் `Ctrl` கிளிக் செய்து எடுத்து, வெளியிலிருந்து உள்ளே பூசிக்கொண்டே வாருங்கள். Heal கருவி இங்கே வேண்டாம். அது சுற்றியிருக்கும் நிறத்தோடு கலக்கப் பார்க்கும், சுற்றி இருப்பதோ தாத்தாவின் சட்டை. கரை முழுக்க அழுக்குப் படிந்த மாதிரி ஆகிவிடும். கரையின் மேல்கோடு தாத்தாவின் இடப்பக்கம் எந்த உயரத்தில் உள்ளே போகிறதோ அதே சரிவில் தொடர வேண்டும். இந்த ஒரு கோடு சரியாக இருந்தால் மற்றக் குறைகளைக் கண் மன்னித்துவிடும்.

முடிந்ததும் `Select > None` கொடுத்துத் தேர்வை நீக்கிவிடுங்கள். பழைய `pin` லேயரை அழித்துவிட்டு, தாத்தா இல்லாத இந்த `nadu`-வை நகலெடுத்து அதற்கு `pin` என்று பெயர் வைத்து, `nadu`-வுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். இதே வேலையை இரண்டாவது லேயரில் திரும்பச் செய்யாமல் தப்பிக்க இதுதான் வழி.

அடுத்தது பனை. பனையோலையை Paths கருவியால் வெட்ட உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும். ஓலை கறுப்பு, வானம் வெளுப்பு. அந்த வித்தியாசத்தையே மாஸ்க் ஆக்கிக்கொள்ளலாம். `nadu` லேயரில் `Add Layer Mask` கொடுத்து `Grayscale copy of layer` என்பதைத் தேர்ந்தெடுங்கள். மாஸ்க் தேர்வாகி இருக்கும்போதே `Colors > Invert`. இப்போது பனை வெளுப்பாகவும் வானம் கறுப்பாகவும் இருக்கும். `Colors > Levels` திறந்து இரண்டு முனை அம்புகளையும் நடுவை நோக்கி நகர்த்துங்கள். வானமும் மலையும் முழுக் கறுப்பு, பனை முழு வெள்ளை என்று ஆகும்வரை. கரையில் வெயில் பட்டு வெளிறிய இடங்கள் மாஸ்க்கில் ஓட்டையாகி இருக்கும், அங்கே வெள்ளை பிரஷ்ஷால் பூசி மூடுங்கள். மலை அடர்நிறமாக இருக்கும் படத்தில் இந்த வழி பலிக்காது. என் படத்தில் மலை புகைபோல வெளிறி இருந்ததால் தப்பித்தேன்.

கடைசியாக `pin` லேயரில் பனைகளை எடுக்க வேண்டும். ஓலை இடுக்குகள் வழியாக இந்த லேயர் தெரியும் என்பதால் இங்கே பாதியில் விட முடியாது. கரைக்கு மேலே தெரியும் பனைகள் முழுக்கப் போக வேண்டும். வானம்தானே, பெரிய மென்மையான பிரஷ்ஷோடு Clone பண்ணினால் பத்து நிமிட வேலை. மலையின் விளிம்புக் கோட்டை மட்டும் பார்த்து இணையுங்கள். கரைக்கு மறைவில் இருப்பதைத் தொட வேண்டாம்.

பிறகு ஒவ்வொரு லேயரையும் தனியே தெரியவிட்டு, மற்றவற்றைக் கண் அடையாளத்தால் மறைத்து, `File > Export As` மூலம் `mun.png`, `nadu.png`, `pin.png` என்று சேமியுங்கள். மூன்றும் அதே 2880 × 1620 அளவில் இருக்க வேண்டும். காலியாக இருக்கிறதே என்று `mun`-இன் ஓரங்களைக் கிராப் செய்துவிடாதீர்கள். அளவு ஒன்றாக இருந்தால்தான் பிளெண்டரில் மூன்றும் தானாகவே பொருந்தும்.

பிளெண்டர்: அட்டைகளை நிறுத்துவது

புதுக் கோப்பைத் திறந்து, நடுவில் இருக்கும் கனசதுரத்தையும் விளக்கையும் அழித்துவிடுங்கள். கேமராவைத் தேர்ந்தெடுத்து `N` அழுத்தினால் வலப்பக்கம் ஒரு பட்டி வரும். `Location` 0, -5, 0. `Rotation` 90, 0, 0.

`Add > Image > Mesh Plane` கொடுத்து மூன்று கோப்புகளையும் எடுங்கள். வலப்பக்க அமைப்பில் மெட்டீரியலை `Shadeless` ஆக்கிக்கொள்ளுங்கள். வெளிச்சமும் நிழலும் படத்திலேயே இருக்கின்றன, பிளெண்டர் புதிதாக எதுவும் சேர்க்கத் தேவையில்லை. மூன்றுக்கும் `Location` 0, 0, 0, `Rotation` 90, 0, 0, மூன்று `Scale`-உம் 2.1. பட்டியில் `Dimensions` அகலம் 3.73 மீட்டர் அளவில் காட்ட வேண்டும். 5 மீட்டரில் கேமரா பார்ப்பது 3.6 மீட்டர் அகலம். அந்தச் சின்ன மிச்சம்தான் ஓரம் கிழியாமல் காப்பது. நியூம்பேட் `0` அழுத்தினால் கேமராவின் பார்வை வரும். அட்டைகள் வெறும் சாம்பல் நிறமாகத் தெரிந்தால் `Z` அழுத்தி `Material Preview` எடுங்கள்.

இப்போது இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். மலை அட்டையைப் பின்னால் தள்ளினால் அது சின்னதாகத் தெரியும், ஓரமெல்லாம் காலியாகும். பெரிதாக்கினால் எவ்வளவு பெரிதாக்குவது? இரண்டையும் ஒரே அசைவில் செய்யலாம். கேமராவைத் தேர்ந்தெடுத்து `Shift+S`, அதில் `Cursor to Selected`. 3டி கர்சர் கேமராவின் இடத்துக்குப் போய்விடும். மேல்பட்டியில் `Pivot Point`-ஐ `3D Cursor` ஆக்குங்கள். பிறகு பனை அட்டையைத் தேர்ந்தெடுத்து `S`, `2`, `Enter`. கேமராவை மையமாக வைத்து இரண்டு மடங்கு ஆவதால், அட்டை இரண்டு மடங்கு தூரம் போய் இரண்டு மடங்கு பெரிதும் ஆகிறது. கேமராவின் பார்வையில் ஒன்றும் மாறவில்லை! மலை அட்டைக்கு `S`, `3`, `Enter`. பட்டியில் பார்த்தால் பனையின் Y 5 என்றும், மலையின் Y 10 என்றும் இருக்கும்.

இங்கேயே ஒரு சோதனை உண்டு. கேமராவின் பார்வையில் தெரிவது உங்கள் மூலப்படம் போலவே, ஒட்டுப்போட்டதே தெரியாமல் இருக்க வேண்டும். எங்காவது கரை உடைந்தோ தாத்தா நகர்ந்தோ தெரிந்தால் ஏதோ ஒரு அட்டையின் எண் தப்பு. மேலே போவதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள்.

அசைவு

கீழே டைம்லைனில் `End` 144 என்று வையுங்கள். நொடிக்கு 24 பிரேம் என்றால் ஆறு நொடி. முதல் பிரேமில் கேமராவின் X -0.06. மவுஸை `Location` எண்ணின் மேல் வைத்து `I` அழுத்துங்கள், அந்த இடம் பதிவாகும். 144-ஆம் பிரேமுக்குப் போய் X 0.06, Y -4.85 என்று மாற்றி மறுபடி `I`. அவ்வளவுதான். கேமரா 12 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே 15 சென்டிமீட்டர் நெருங்கும். அந்த நெருக்கத்தில் தாத்தா மூன்று சதவீதம் பெரிதாவார், மலை ஒரு சதவீதம்தான். பக்கவாட்டு அசைவைவிட இந்தச் சின்ன வித்தியாசம்தான் ஆழத்தை நம்ப வைக்கிறது என்பது என் அனுபவம்.

பிளெண்டர் தானாகவே அசைவை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும். தனி கிளிப் என்றால் அது அழகு. ஆனால் வீடியோவில் அடுத்தடுத்துப் படங்கள் வரும்போது ஒவ்வொன்றும் நின்று நின்று கிளம்புவது பாசஞ்சர் ரயில் மாதிரி இருந்தது. நான் டைம்லைனில் இரண்டு பதிவுகளையும் தேர்ந்தெடுத்து `T` அழுத்தி `Linear` ஆக்கிவிட்டேன்.

முதல் முயற்சியில் நான் கேமராவை 0.4 மீட்டர் நகர்த்தினேன். ஆர்வக்கோளாறு. தியேட்டர் வாசலில் வைக்கும் கட்அவுட் மாதிரி ஆகிவிட்டார் தாத்தா. பின்னால் நிரப்பிய பட்டையும் தீர்ந்துபோய், உள்ளே விட்டிருந்த சட்டைப் பொத்தான்கள் பனைக்கு நடுவே தெரிந்தன. இப்போது நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: முதல் பிரேமையும் கடைசிப் பிரேமையும் மாற்றி மாற்றிப் பார்க்கும்போது வித்தியாசம் தெரிய வேண்டும், ஓடவிட்டுப் பார்க்கும்போது எது நகர்கிறது என்று சட்டென்று சொல்ல முடியக் கூடாது.

ரெண்டர், அப்புறம் வரும் சிக்கல்கள்

`Render` பட்டியில் `Color Management` என்பதற்குள் `View Transform`-ஐ `Standard` ஆக்குங்கள். இதை மறந்தால் படம் சாயம் போன வேட்டி மாதிரி வரும். 4.0-இலிருந்து `AgX` என்பதே இயல்பாக இருக்கிறது. 3டி காட்சிகளுக்கு அது நல்லது, ஏற்கெனவே முடிந்த புகைப்படத்துக்கு அல்ல. `Output` பட்டியில் 1920 × 1080, கோப்பு வகை `FFmpeg Video`, கண்டெய்னர் `MPEG-4`, கோடெக் `H.264`. பிறகு `Ctrl+F12`.

வெளிவந்த வீடியோவில் தாத்தாவின் தோள் விளிம்பு மணல் தூவியது போல் பொரிப் பொரியாக இருந்தால், `mun` அட்டையின் மெட்டீரியல் அமைப்பில் `Render Method` `Dithered` என்று இருக்கும். அதை `Blended` ஆக்குங்கள். தோளைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் கிம்புக்குத்தான் திரும்ப வேண்டும்: மாஸ்க்கில் அந்த விளிம்பை மட்டும் கறுப்பு பிரஷ்ஷால் ஒரு பிக்சல் உள்ளே தள்ளி, அதே பெயரில் மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். பிளெண்டரில் எதையும் மாற்ற வேண்டாம், கோப்பை மூடித் திறந்தால் புதுப் படத்தை எடுத்துக்கொள்ளும். ஓரத்தில் கறுப்புப் பட்டை எட்டிப் பார்த்தால் கேமராவின் X நகர்வை 0.05-ஆகக் குறையுங்கள்.

கடைசியாக, போனில் பார்த்துவிட்டுச் சரி என்று முடிவு செய்யாதீர்கள். மண்டபத்தில் பெரிய திரையில் ஓடும் என்றால் வீட்டு டிவியில் ஒருமுறை போட்டுப் பாருங்கள். கைக்கும் இடுப்புக்கும் நடுவே இருந்த முக்கோணத்தில் ஒரு மூலையை நான் வெட்டாமல் விட்டது போனில் தெரியவே இல்லை. டிவியில் பாட்டிதான் கண்டுபிடித்தார்: "அங்க என்னடா பச்சையா அவரு கூடவே வருது?"